எல்லை நிரம்பினால் டிசைனர் என்ன செய்வது?

"கொட்டாஞ்சேனையில் சின்ன அச்சகம். டிசைனுக்கு இரண்டு பேர், புரூஃப் பார்க்க ஒருவர், மெஷினில் ஒருவர், வெட்டிக் கட்ட ஒருவர். வேலைக்கு ஓர் அட்டை, கட்டத்துக்கு ஒரு நிரல் என்று கன்பான் பலகையைச் சுவரில் போட்டு இரண்டு மாதம். கையில் எப்போதும் 24 வேலை இருக்கிறது, கிழமைக்கு முடிவதோ 8தான். ஒவ்வொரு நிரலிலும் ஒரே நேரத்தில் இத்தனை அட்டைதான் நிற்கலாம் என்று எல்லை வை என்கிறார்கள். எத்தனை வைப்பது? எல்லை நிரம்பினால் டிசைனர் சும்மா இருப்பதா?"

24ஐ 8ஆல் வகுத்தால் 3 கிழமை. டிசைனுக்குள் போகும் ஒரு வேலை வெளியே வர உங்களிடம் சராசரியாக ஆகும் காலம் அதுதான். அமெரிக்க ஆய்வாளர் ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய கணக்கு இது. கையிலிருப்பதை 16ஆகக் குறைத்தால், அதே வேகத்தில் 2 கிழமை. மீதி ஓடர்கள் வெளியே வரிசையில் நிற்கும், உண்மைதான். ஆனால் அவற்றில் இன்னும் யாருடைய நேரமும் போகவில்லை. முன்பின் மாற்றலாம், வாடிக்கையாளர் மனம் மாறினாலும் நட்டமில்லை.

அந்த 16ஐ இப்படிப் பிரித்துத் தொடங்குங்கள்: டிசைன் 4, புரூஃப் 2, வாடிக்கையாளர் ஒப்புதல் 5, அச்சு 2, வெட்டிக் கட்டுதல் 3. டிசைன் நிரலை நடுவில் கோடு போட்டு 'கையில்', 'முடிந்தது' என்று இரண்டாக்குங்கள். எல்லை 4 என்பது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான். இந்தக் கோடு இல்லாவிட்டால், டிசைன் முடிந்தவுடன் அட்டையைப் புரூஃப் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததைத் தொடங்குவதே வழக்கமாகிவிடும். அட்டையைத் தள்ளக்கூடாது. புரூஃப் பார்ப்பவர் இடம் வரும்போது தானே இழுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு புதன்கிழமைக் காலையைப் பார்ப்போம். புரூஃபில் 48 பக்க நினைவு மலர் ஒன்றும், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு கல்யாணக் கார்டும் இருக்கின்றன. டிசைனில் 'முடிந்தது' பக்கம் 2, 'கையில்' பக்கம் 2. இளைய டிசைனர் தன் கையிலிருந்ததை முடிக்கிறார். அட்டை கோட்டைத் தாண்டுகிறது, எண்ணிக்கை 4தான், புதிதாக எடுக்க இடமில்லை. அவர் எழுந்து போய், மற்றவர் செய்த அந்தக் கல்யாணக் கார்டின் தமிழ்ப் பக்கத்தை, வாடிக்கையாளர் எழுதித் தந்த தாளோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும்: பெயர்கள், முகூர்த்த நேரம், திகதியும் கிழமையும் பொருந்துகிறதா என்பது. தான் செய்ததைத் தானே படிப்பதில் பயனில்லை, கண் பிழையைத் தாண்டிப் போய்விடும். பிழை கண்டால் அட்டை பின்னால் போகாது. புரூஃபிலேயே சிவப்புப் பொட்டோடு நிற்கும். அந்தக் கார்டைச் செய்த டிசைனர் அதைத் திருத்தாமல் வேறெதையும் தொடக்கூடாது. படிக்க ஒன்றும் இல்லையென்றால் ஒப்புதல் நிரலுக்குப் போகலாம். அங்கும் வேலை இல்லையென்றால் அரைமணி நேரம் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. ஐந்தாவது டிசைனைத் தொடங்குவதைவிட அது மலிவு.

பெரும்பாலான பலகைகள் ஒப்புதல் நிரலில்தான் உடைகின்றன. 'அது நம்மிடம் இல்லை, வாடிக்கையாளரிடம் இருக்கிறது' என்று எல்லை வைக்காமல் விடுவார்கள். பிறகு வெள்ளிக்கிழமை மாலை பத்துப் பேரின் திருத்தங்கள் ஒன்றாக வந்து விழும். அங்கே 5 நிரம்பியதும் புரூஃபிலிருந்து எதுவும் நகராது. அதனால் யாராவது தொலைபேசி எடுக்கத்தான் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நீலக் குறிக்குக் காத்திருப்பது போதாது. மூன்று வேலைநாள் பதிலில்லையென்றால், டெலிவரி நாள் தள்ளிப்போகிறது என்று சொல்லிவிட்டு அட்டையை வெளியே நிற்கும் வரிசையின் தலைக்குக் கொண்டுபோங்கள். ஓடர் எடுக்கும்போதே 'ஒப்புதல் தந்த நாளிலிருந்துதான் கணக்கு' என்று பில்லில் எழுதிவிட்டால் இந்தச் சண்டை பாதி குறையும்.

அவசர வேலைக்குப் பலகையின் மேலே ஒரு தனி வரி, எல்லை 1. கண்ணீர் அஞ்சலிப் பதாகை போல நாளை விடியுமுன் வேண்டியது மட்டும் அதில் போகலாம். அது எல்லைக் கணக்கில் சேராது. 'நாளைக்கே வேணும்' என்று கேட்கும் கல்யாணக் கார்டுக்கு அந்த வரியில் இடமில்லை. அந்த வரி தினமும் நிறைந்தே இருந்தால், மற்றவர்களுக்குச் சொன்ன நாள் எதுவும் நிற்காது.

இப்போதிருக்கும் 24ஐ ஒரே நாளில் குறைக்க முடியாது. இரண்டு கிழமைக்குப் புதிதாக நான்கு நான்கு வேலை மட்டும் டிசைனுக்குள் விடுங்கள், எட்டு எட்டாக வெளியேறும்போது 16க்கு வந்துவிடும்.

எண்ணிக்கை சரியா என்பதற்கு, ஒவ்வொரு அட்டையிலும் நாளுக்கொரு புள்ளி வைத்துக்கொண்டு வாருங்கள். ஒரு நிரல் ஒருநாளும் எல்லையைத் தொடவில்லையென்றால் அங்கே ஒன்றைக் குறைக்கலாம். புரூஃப் மட்டும் எந்நேரமும் நிரம்பி, மெஷின் காத்திருந்தால், அந்த 2ஐ 4ஆக்குவது மருந்தல்ல. படிக்க இரண்டாவது ஆள் வேண்டும். எல்லை தொடாமலே புள்ளிகள் மட்டும் கூடிக்கொண்டு போனால், ஒரே அட்டையில் இரண்டு வேலை எழுதியிருக்கிறார்களா, அல்லது முதலாளியின் போனில் வந்த ஓடர் பலகைக்கே வராமல் நடக்கிறதா என்று பாருங்கள்.