வார இறுதிச் சந்தைக் கடைக்கு அறிவிப்பு எழுதுவது

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு வார இறுதிச் சந்தையில் முதன்முறையாக இட்லிப் பொடிக் கடை போடுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பும் அறிவிப்பில் என்ன எழுத வேண்டும்?

மூன்று ஆண்டுகளாக இதே பொடிக் கடையைக் கண்காட்சிகளில் நடத்தி வருகிறேன். அறிவிப்புக்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: வீட்டுச் சமையலறையில் தயாரித்த உணவைத் தற்காலிகச் சந்தைகளில் விற்கச் சிங்கப்பூர் உணவு அமைப்பு அனுமதிப்பதில்லை. ஆகவே பொடி உரிமம் பெற்ற கூடத்தில் அரைத்ததாக இருக்க வேண்டும்.

இடத்தைச் சொல்லும்போது கட்டடத்தின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். சிங்கப்பூர் எக்ஸ்போவில் 10 மண்டபங்கள் வரிசையாக நீள்கின்றன. முதல் ஆண்டில் நான் "எக்ஸ்போவில் சந்திப்போம்" என்று மட்டும் எழுதியதால், வயதான ஓர் அம்மா எம்ஆர்டியிலிருந்து இறங்கி மறுகோடி மண்டபம் வரை நடந்து களைத்துத்தான் என் கடையைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து மண்டப எண், கடை எண், எந்த வாசலுக்கு அருகே என்ற மூன்றையும் முதல் வரியிலேயே எழுதுகிறேன். கிழமையோடு தேதியும் இருக்கட்டும். வாட்ஸ்அப் செய்தி அடுத்த வாரமும் சுற்றிக்கொண்டிருக்கும், "இந்தச் சனிக்கிழமை" என்று படிப்பவர் சந்தை முடிந்த பிறகு வந்து நிற்பார்.

சலுகையை விழுக்காட்டில் சொல்வதைவிட வெள்ளியில் சொல்லுங்கள். ஒரு பொட்டலம் 7 வெள்ளி, மூன்று 18 வெள்ளி என்றால் 3 வெள்ளி மிச்சம் என்பது உடனே புரியும். ஞாயிறு மாலைக்கு விலைக்குறைப்பு என்று முன்கூட்டியே அறிவிக்கவே வேண்டாம். சனிக்கிழமை வருபவர்களும் சுவைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்று நகர்ந்துவிடுவார்கள். கூட்டம் குறைவாக இருக்கும் சனி முற்பகலுக்கே சலுகையைக் கொடுங்கள்.

என் கடையில் விற்பனையை நடத்துவது சுவைத்துப் பார்த்தல்தான். குளிரூட்டிய மண்டபத்தில் திறந்து வைத்த குட்டி இட்லி சீக்கிரமே மேல்தோல் காய்ந்து விறைத்துவிடும். அதன்மேல் எவ்வளவு நல்ல பொடியும் மண்போலத்தான் இருக்கும். ஆகவே நாள் முழுவதும் தட்டில் பரப்பி வைக்காமல், நண்பகல் 12, பிற்பகல் 2, மாலை 4 என்று நேரம் குறித்து, ஒவ்வொரு முறையும் 40 இட்லிகளை மட்டும் சூட்டுப் பாத்திரத்திலிருந்து எடுத்து, பொடியை நல்லெண்ணெயில் அப்போதுதான் குழைத்துத் தருகிறேன். அந்த நேரங்கள் அறிவிப்பில் இருந்தால், எண்ணெய் மணம் எழும் வேளையில் ஆட்கள் தாமாகவே வந்து நிற்பார்கள்.

சுவைக்கத் தருவதில் எள், நிலக்கடலை இருந்தால் அறிவிப்பிலும் மேசையிலும் தெளிவாக எழுதுங்கள். பெருங்காயத்தையும் மறக்க வேண்டாம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அது ஒவ்வாதவர்கள் இட்லிப் பொடியில் அதை எதிர்பார்க்க மாட்டார்கள்.

நான் அனுப்பும் அறிவிப்பு இவ்வளவுதான்:

"5ஆம் மண்டபம், கடை 23, நுழைவாயிலுக்கு இடப்புறம். (தேதி) சனி, ஞாயிறு, காலை 11 முதல் இரவு 8 வரை. சூடான குட்டி இட்லியில் பூண்டுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி சுவைக்க: 12, 2, 4 மணி. சனி பிற்பகல் 1 மணிக்குள் மூன்று பொட்டலம் 18 வெள்ளி. எள், நிலக்கடலை, கோதுமை உண்டு. பேநவ் அல்லது ரொக்கம்."