கிரைண்டர் வாங்கும் முன்: கல், மோட்டார், டிரம் பற்றி அண்ணாச்சியிடம் கேட்டவை

பாளையங்கோட்டையில் கிரைண்டர் விற்கவும் பழுது பார்க்கவும் செய்பவன் நான். இட்லி, தோசை மாவுக்குக் கிரைண்டர் வாங்குவது பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: அண்ணாச்சி, வீட்டில் ஆறு பேர். ஒரு தடவைக்கு நாலு உழக்கு அரிசி, ஒரு உழக்கு தொலி உளுந்து ஆட்டுவோம். நிறுத்துப் பார்த்தால் அரிசி ஒரு கிலோ, உளுந்து கால் கிலோ வருகிறது. 2 லிட்டர் போதும் என்கிறார் கடைக்காரர். போதுமா?

போதும், ஆனால் நிறைய இடம் மிஞ்சும் என்று நினைக்காதீர்கள் அம்மா. ஒரு கிலோ அரிசி ஊறினால் ஏறக்குறைய 1.3 கிலோ ஆகிவிடும். ஆட்டும்போது அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடத் தண்ணீர் விடுவீர்கள். கடைசியில் மாவு ஒன்றே முக்கால் லிட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கால் கிலோ உளுந்து பார்க்கக் கொஞ்சமாகத் தெரிந்தாலும் காற்றுப் பிடித்துப் பொங்கி ஒன்றேகால் லிட்டர் வரைக்கும் வரும். இரண்டையும் தனித்தனியாக ஆட்டுவதால் 2 லிட்டர் டிரம்மில் ஒப்பேற்றலாம். அரிசி ஆட்டும்போதுதான் விளிம்பு வரை ஏறும்.

பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே கணக்கு இல்லை. சிலர் விளிம்பு வரை உள்ள அளவைச் சொல்வார்கள், சிலர் மாவு நிற்கும் அளவைச் சொல்வார்கள். அதனால் கடையிலேயே உருளைக் கல்லைப் போட்ட பிறகு டிரம்மில் ஒரு லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டாவது பாட்டில் முடிந்தும் விளிம்புக்கு மூன்று விரல் இடம் இருந்தால் உங்கள் வீட்டுக்குச் சரி. பண்டிகைக்கு ஒன்றரை கிலோ போடுவோம் என்றால் அரிசியை இரண்டு தடவையாக ஆட்டுங்கள். அந்த ஒரு நாளுக்காகப் பெரிய டிரம் வாங்க வேண்டாம்.

சேரன்மகாதேவியிலிருந்து: நாங்கள் இருவர் மட்டும். பிள்ளைகள் வந்தால் உதவும் என்று பெரிதாகவே வாங்கி வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. பெரிய டிரம்மில் ஒரு கைப்பிடி உளுந்து போட்டால் அது ஓரத்தில் அப்பிக்கொள்ளும், கல் வெறுமனே சுற்றும். கரண்டியோடு பக்கத்திலேயே நிற்க வேண்டியதுதான். 2 லிட்டர் டேபிள் டாப்பில் உளுந்து 150 கிராமுக்குக் கீழே போனாலே கல்லுக்குப் பிடி கிடைக்காது. உங்களுக்கு ஒன்றேகால் லிட்டர் மாடல்தான் சரி.

மேலப்பாளையத்திலிருந்து: 150 வாட்ஸை விட 200 வாட்ஸ் மோட்டார் மாவை நைசாக ஆட்டும், அதனால் வாட்ஸ் கூட உள்ளதாகப் பார்த்து வாங்கினால் போதும். சரிதானே அண்ணாச்சி?

பாதி சரி தம்பி. வாட்ஸ் கூடினால் பாரம் தாங்கும், கெட்டி உளுந்திலும் திணறாது. நைசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த மோட்டாரின் வேகத்தைப் பெரும்பாலும் கரண்ட்டின் சைக்கிளும் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் விதமும்தான் முடிவு செய்கின்றன. டிரம் எத்தனை சுற்றுச் சுற்றும் என்பது பெல்ட்டும் புல்லியும் தருவது. நைஸ் வருவது கல்லிலிருந்து. 2 லிட்டர் டேபிள் டாப்புக்கு 150 வாட்ஸ் போதுமானது. இன்னொன்று, பட்டையில் எழுதியிருப்பது மோட்டார் இழுக்கும் கரண்ட். அதில் ஒரு பகுதி சூடாகவே போய்விடும். அதனால் கடையில் கால் மணி நேரம் ஓடவிட்டு, வெளிக்கூட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து: சாயங்காலம் ஆட்டினால் டிரம் நின்று நின்று போகிறது, சில நாள் 'ம்ம்' என்று உறுமுகிறதே தவிர சுற்றுவதில்லை. காலையில் நன்றாக ஓடுகிறது. இன்னும் பெரிய மோட்டார் வாங்கட்டுமா?

வாங்காதீர்கள். காலையில் ஓடி சாயங்காலம் திணறுகிறது என்றால் முதல் சந்தேகம் வோல்டேஜ்தான். இந்த மோட்டாரில் இழுவை, வோல்டேஜின் வர்க்கத்துக்குத் தகுந்தபடி குறையும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் இழுவை ஐந்தில் மூன்று பங்குதான் மிஞ்சும். பெரிய மோட்டாருக்கும் அதே குறைவுதான். எலக்ட்ரீசியனை அழைத்து சாயங்காலம் கிரைண்டர் ஓடும்போதே அளக்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் ஸ்டெபிலைசர் போடலாம், இல்லை காலையிலேயே ஆட்டிவிடலாம்.

உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுவிட்சை அணைத்து, கல்லை எடுத்துவிட்டு, காலி டிரம்மோடு போட்டுப் பாருங்கள். வோல்டேஜ் சரியாக இருக்கும் நேரத்திலும் உறுமினால் கண்டன்சர் போயிருக்கும். அதை மாற்றுவது சின்னச் செலவு. உறுமும்போது சுவிட்சைப் போட்டபடி விடாதீர்கள், காயில் கருகிவிடும். மோட்டார் ஓடுகிற சத்தம் வந்து, டிரம் மட்டும் மெதுவாகி, ரப்பர் வாடை அடித்தால் அது பெல்ட்.

எந்தக் கிரைண்டர் ஆனாலும் முதலில் கொஞ்சம் தண்ணீரோடு ஓடவிட்டு, அப்புறம் ஊறியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நிரப்பி வைத்துவிட்டு சுவிட்ச் போடுவதால் வருகிற கேடுகள்தான் என் பட்டறைக்கு அதிகம் வருகின்றன.

தென்காசியிலிருந்து: எல்லாக் கல்லும் கருப்பாகத்தான் இருக்கிறது. நல்ல கல் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

நிறத்தை விட்டுவிடுங்கள். எண்ணெய் தடவினாலும் கல் கருத்துத்தான் தெரியும். வெள்ளைத் துணியை நனைத்து, உருளைக் கல்லையும் அடிக்கல்லையும் அழுத்தித் துடையுங்கள். புதுக் கல்லில் கொஞ்சம் சாம்பல் நிறத் தூள் வரும், அது போகும். கருப்பாக மை போல ஒட்டினால் அந்தக் கல் வேண்டாம். பிறகு விரலால் தடவிப் பாருங்கள். கண்ணாடி போல வழுக்கக் கூடாது, மணல்தாள் போல உதிரவும் கூடாது. சீராகக் கொத்திய சொரசொரப்பு வேண்டும். வழுக்கும் கல்லில் அரிசி நழுவி நழுவி ஓடும், ஆட்ட வெகு நேரமாகும். நேரம் நீண்டால் மாவு சூடாகும், சூடான உளுந்து பொங்காது.

மூன்றாவது சோதனையை யாரும் செய்வதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். அடிக்கல்லில் நடுவிலிருந்து ஓரம் வரை சாக்பீஸால் நாலைந்து கோடு போடுங்கள். உருளையை மாட்டி டிரம்மைக் கையால் சில சுற்றுச் சுற்றுங்கள். கோடு முழு நீளத்துக்கும் அழிந்திருந்தால் கல் அடியில் நன்றாகப் படிந்திருக்கிறது. ஓரத்தில் மட்டும் அழிந்து நடுவில் மிஞ்சினால் அந்த இடத்தில் அரிசி நொய்யாகவே நிற்கும், மாவில் தரதரப்பு போகாது. கல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்தப் படிவு இல்லாமல் பயன் இல்லை. கடைக்காரர் விடவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

கடையநல்லூரிலிருந்து: தட்டினால் கணீரென்று சத்தம் வந்தால் நல்ல கல் என்று எங்கள் தாத்தா சொல்வார். கோயம்புத்தூர் கிரைண்டர் என்றாலே கல் உறுதியாம், உண்மையா?

தாத்தா சொன்னது கீறல் இருக்கிறதா என்று பார்க்க நல்ல வழி. உள்ளே வெடிப்பு இருந்தால் சத்தம் மங்கிவிடும். ஆனால் கணீரென்ற கல்லும் மணல் உதிர்க்கலாம், அதைச் சத்தம் சொல்லாது. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. அங்கே ஊத்துக்குளிக் கல்லைப் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. அதற்காக அந்தப் பெயரில் விற்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் உத்தரவாதம் சொல்ல முடியாது. துணியையும் சாக்பீஸையும் அங்கேயும் பயன்படுத்துங்கள்.

நாங்குநேரியிலிருந்து: புதுக் கிரைண்டர். இட்லியில் பல்லில் நறநறவென்று கடிக்கிறது. கல்லை மாற்றச் சொன்னால் 'கொஞ்ச நாளில் சரியாகும்' என்கிறார்கள். நாங்களும் தொலி உளுந்துதான் போடுகிறோம்.

முதலில் குற்றவாளி கல்லா, உளுந்தா என்று பாருங்கள் தங்கச்சி. தொலி உளுந்தில் மண் ஒட்டியிருக்கும், சரியாக அரிக்காவிட்டால் அதுவும் நறநறக்கும். அதனால் உளுந்தை ஒதுக்கிவிட்டு, நன்றாக அரித்துக் கழுவிய பச்சரிசியை மட்டும் ஒரு உழக்கு ஊறவைத்து ஆட்டுங்கள். அதே அரிசியில் கொஞ்சம் எடுத்து மிக்ஸியிலும் அரையுங்கள். இரண்டிலும் ஒவ்வொரு கரண்டியைத் தனித்தனி எவர்சில்வர் தம்ளரில் தண்ணீரோடு கலக்கி, அரை நிமிடம் விட்டு மேல் தண்ணீரைச் சாய்த்து ஊற்றுங்கள். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் மாவு போய் அடியில் கனமானது மட்டும் தங்கும். அதை விரலால் தம்ளர் அடியில் தேயுங்கள். அரிசி நொய் நசுங்கும், கல் மணல் நசுங்காமல் கீச்சிடும். கிரைண்டர் தம்ளர் மட்டும் கீச்சிட்டால் கல்தான் காரணம். இரண்டும் கீச்சிட்டால் அரிசியிலேயே மண் இருக்கிறது.

புதுக் கல்லில் ஒன்றிரண்டு தடவை அரிசியை ஆட்டிக் கீழே கொட்டிவிட வேண்டும், அது வழக்கம்தான். அதற்குப் பிறகும் மூன்றாவது ஆட்டலில் மணல் வந்தால் கல்லை மாற்றித்தான் தர வேண்டும். அந்தத் தம்ளரைக் கடைக்கே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

திசையன்விளையிலிருந்து: அண்ணாச்சி, தேங்காய்ச் சட்னிக்கு எந்தக் கல் நல்லது?

சட்னிக்கு மிக்ஸி போதும். இங்கே மாவுக்கான கல்லைப் பற்றித்தான் பேசுகிறோம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு ஆச்சி: இந்த டேபிள் டாப்பெல்லாம் எனக்கு ஆகாது. பெரிய ஒற்றைக் குழவி உள்ள சாய்க்கும் கிரைண்டரில்தான் இட்லி இட்லியாக வரும். நீ என்ன சொல்கிறாய்?

பெரிய குழவியின் எடைக்கு உளுந்து நன்றாக மசியும் ஆச்சி, தேய்ந்தால் கொத்தவும் முடியும். சின்ன உருளைகளை அநேகமாக மாற்றத்தான் வேண்டும். அந்த அளவில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் குழவியைத் தூக்கிக் கழுவ வீட்டில் ஆள் வேண்டும். ருசியில் வித்தியாசம் உண்டா என்பதில் என் வீட்டிலேயே ஒத்துவரவில்லை. என் மனைவிக்கு டேபிள் டாப் மாவுதான் பிடிக்கிறது.

வள்ளியூரிலிருந்து: வீட்டிலிருந்தே மாவு விற்கத் தொடங்குகிறேன். தினம் எட்டு கிலோ அரிசி. இரண்டு 2 லிட்டர் டேபிள் டாப் வாங்கினால் ஆகாதா?

ஆகாது. வீட்டு மோட்டார் அரை மணி ஓடி ஓய்வெடுக்கும் வேலைக்குத்தான் செய்யப்பட்டது. மேலே சொன்ன கணக்கில் எட்டு கிலோ அரிசி பதினான்கு லிட்டர் மாவு. உளுந்து இரண்டு கிலோ தனியாகப் பத்து லிட்டர் வரும். 10 லிட்டர் சாய்க்கும் கிரைண்டர், ஒரு எச்.பி. மோட்டாரோடு வாங்குங்கள். டிரம்மை முக்கால்தான் நிரப்ப வேண்டும், அதனால் அரிசி நாலு நாலு கிலோவாக இரண்டு தடவை, உளுந்து ஒரு கிலோ வீதம் இரண்டு தடவை. உளுந்தை முதலில் ஆட்டி எடுத்துவிட்டு, கழுவாமல் அதிலேயே அரிசியைப் போடலாம். வாங்கும் முன் உங்கள் வீட்டு வயரிங் ஒரு எச்.பி. தாங்குமா என்றும், எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஈரக் கையோடு நாள்தோறும் தொடப் போகிற இரும்பு அது.