வாப்பாவை இழந்த தோழிக்கு என்ன எழுதுவது?

கேள்வி: என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்கிற முஸ்லிம் தோழியின் வாப்பா நேற்று இரவு காலமாகிவிட்டார். யாழ்ப்பாணம் சோனகதெருவில் வீடு, டவுனில் தையல்கடை வைத்திருந்தவர். என் தம்பியின் பள்ளிக்கூடக் காற்சட்டை எல்லாம் அவர் தைத்ததுதான். நான் சைவம். அவர்கள் சொல்லும் அரபு வசனம் எனக்குச் சரியாகத் தெரியாது. நாங்கள் வழக்கமாகச் சொல்வதை எழுதினால் பிழையாகுமோ என்று பயமாக இருக்கிறது. அவளுக்கு என்ன எழுதலாம்?

பதில்:

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் கனடாவில் இருந்து மகன் வந்து சேரும்வரை உடலை வைத்திருப்போம். எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் என்று அடுத்தடுத்து நாட்கள் வரும், அதில் ஏதாவது ஒன்றுக்குப் போய் முகம் காட்டிவிடலாம். முஸ்லிம் வீட்டில் அப்படி இல்லை. முடிந்தவரை சீக்கிரம் அடக்கம் செய்வதுதான் அவர்கள் முறை. நேற்று இரவு இறந்தார் என்றால் நீங்கள் இதை வாசிக்கும்போது அனேகமாக அடக்கம் முடிந்திருக்கும். அதனால் நல்ல கடிதம் ஒன்று மனதில் உருவாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். இப்போது இரண்டு வரி அனுப்புங்கள், ஆறுதலாக எழுதுவதை மூன்று நாள் கழித்து எழுதுங்கள்.

இப்போதைக்கு இவ்வளவு போதும்: "வாப்பாவின் செய்தி இப்பதான் கேள்விப்பட்டேன். மனசு ஒரு மாதிரி இருக்கு. உன்னையும் உம்மாவையும்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறேன். பதில் எழுத வேண்டாம், கந்தோர் விஷயத்தை நான் பார்க்கிறேன்." விளக்குப் படமும் பூவும் போட்ட அஞ்சலிப் படம் எதையும் சேர்க்க வேண்டாம். வாப்பாவின் படத்தை எடுத்து, மாலை போட்டு, "கண்ணீர் அஞ்சலி" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கவும் வேண்டாம். எங்களுக்கு அது மரியாதை. அஞ்சலி நோட்டீசை மதில் மதிலாக ஒட்டி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் இறந்தவரின் படத்துக்கு மாலை போடுவது அவர்கள் வீட்டு வழக்கம் கிடையாது, பல குடும்பங்களுக்கு அது சங்கடம்.

அடுத்தது நீங்கள் பயப்படுகிற அந்த அரபு வசனம். "இன்னா லில்லாஹி" என்று தொடங்குவது குர்ஆனில் வருகிறது. நாம் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்பிப் போகிறவர்கள் என்பது அதன் கருத்து. இழப்பு வரும்போது ஒரு முஸ்லிம் தன் நம்பிக்கையைத் தானே சொல்லிக்கொள்ளும் வசனம் அது. வேறு யாருடைய செய்தியிலாவது இருந்து பிரதி எடுத்து நீங்கள் அனுப்பினால் அவள் கோபிக்க மாட்டாள். ஆனால் அன்றைக்கு அவளுடைய போனில் சொந்தக்காரர், பள்ளிவாசல் ஆட்கள், பழைய வகுப்புப் பிள்ளைகள் என்று எல்லோரிடமிருந்தும் அதே வசனம் வந்து குவிந்திருக்கும். உங்களுடையதும் அந்தக் குவியலுக்குள் போய்விடும். உங்களிடம் இருக்கிற காற்சட்டைக் கதை அந்தக் குவியலில் யாரிடமும் இல்லை.

எங்கள் பக்கத்து வசனங்களையும் அதே காரணத்துக்காகத்தான் விடச் சொல்கிறேன். "ஆத்மா சாந்தியடையட்டும்", "சிவபதம் அடைந்தார்" இரண்டும் நாங்கள் நம்புகிற ஒரு பயணத்தைச் சொல்கின்றன. அவளுடைய வாப்பா அந்தப் பயணத்தை நம்பி வாழ்ந்தவர் இல்லை. "காலமானார்" என்று எழுதினால் போதும், அது எல்லோருக்கும் பொதுவானது. இன்னொன்றில் மட்டும் கட்டாயம் கவனமாக இருங்கள். வாய் தவறிக்கூட தகனம், சாம்பல் என்று எழுதிவிடாதீர்கள். 2020இல் கொரோனாவால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று இலங்கையில் கட்டாயப்படுத்தினார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. அதற்குப் பிறகும் எங்கெங்கேயோ இருந்த உடல்களைக் கிழக்கில் இருக்கிற ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய்த்தான் அடக்கினார்கள். தகப்பனை மண்ணில் வைக்க முடியாமல் தவித்த வீடுகள் உண்டு. அந்தச் சொல் அவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்பது எங்களுக்குச் சட்டென்று பிடிபடாது.

என் அம்மா போனபோது எனக்கு வந்த செய்திகளில் ஒரு முஸ்லிம் தோழி எழுதியதைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். அதில் மதம் என்று ஒரு சொல்லும் இல்லை. சோதனைக் காலத்தில் எங்கள் வீட்டில் வந்து படிப்பாள். அம்மா இரவு பிட்டு அவிக்கும்போது, அவளுக்கென்று புதுப் பாத்திரத்தில் தனியாகச் சம்பல் அரைத்து வைப்பா. "உங்கட வீட்டில நான் தயங்காமல் சாப்பிட வேணும் எண்டு அம்மா அந்தப் பாத்திரத்தை வேற எதுக்கும் எடுக்கேல்ல, அது எனக்குப் பிறகுதான் விளங்கினது" என்று எழுதியிருந்தாள். அந்தப் பாத்திரத்தின் கதை எனக்கே தெரியாது. அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை, அம்மா போன பிறகு ஒருத்தி கொண்டுவந்து தந்தாள். சாவு வீட்டில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிதாக ஒன்றும் கொடுக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

ஆகவே உங்கள் கடிதத்தின் நடுவில் அவர் செய்த ஒரு காரியம் இருக்கட்டும். "வாப்பா நல்லவர், எல்லோரோடும் சிரித்துப் பேசுவார்" என்பதை யாரைப் பற்றியும் எழுதலாம். கடையில் அவர் என்ன சொன்னார், கையில் என்ன வைத்திருந்தார், உங்கள் தம்பிக்கு என்ன செய்தார் என்று எழுதுங்கள். நான் எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும். விவரம் என் கற்பனை, அந்த இடத்தில் உங்களுக்குத் தெரிந்த உண்மையை வையுங்கள். அவருக்கு "வாப்பா" என்றே எழுதுங்கள், அவள் கூப்பிடுவது அப்படித்தானே.

"மூன்று நாளாக உன் நினைப்பாகவே இருக்கிறேன். வாப்பா இல்லை என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை, உனக்கு எப்படி இருக்கும்.

தம்பி ஆறாம் வகுப்புக்குப் போன வருசம் அம்மா அவனை வாப்பாவின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனா. அளவெடுத்துவிட்டு, 'பொடியன் வளருவான், கீழ மடிப்புக் கூட வைக்கிறன்' என்று சொன்னாராம். பிறகு அந்த மடிப்பை அவிழ்த்து அவிழ்த்து எட்டாம் வகுப்பு வரைக்கும் அதே காற்சட்டையைப் போட்டான். அவிழ்த்துத் தைக்கிறதுக்கு வாப்பா ஒருநாளும் காசு வாங்கவில்லை. எங்கள் வீட்டு நிலைமை அவருக்குத் தெரியும், ஆனால் தெரியும் என்று காட்டிக்கொண்டதே இல்லை. நேற்றுத் தம்பியிடம் சொன்னபோது அவனும் அந்த மடிப்பைப் பற்றித்தான் முதலில் சொன்னான்.

உம்மாவைப் பார்க்க வர விருப்பம். எப்ப வந்தால் உங்களுக்குக் கரைச்சல் இல்லையோ அந்த நேரத்தைப் பிறகு சொல். மாசக் கணக்கை நான் முடித்துவைக்கிறேன், அவசரப்பட்டு வேலைக்கு வராதே. இதுக்குப் பதில் எழுத வேண்டாம்."

இதில் ஆறுதல் வசனம் எதுவும் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். "கிடையில் கிடக்காமல் போனது புண்ணியம்", "எல்லாம் விதி", "இனி நீதான் உம்மாவுக்கு" என்பவை எந்தச் சமயத்தவர் சொன்னாலும் கேட்பவரின் வாயை அடைப்பவை. கடவுளைப் பற்றி ஒன்றாவது சொல்ல வேண்டும் என்று மனம் கேட்டால், இருக்கிறவர்களுக்காகச் சொல்லுங்கள். "உனக்கும் உம்மாவுக்கும் இதைத் தாங்கும் பொறுமை கிடைக்கட்டும்" என்பதை அவர்கள் வீட்டாரும் சொல்வார்கள், உங்கள் வாயில் இருந்து வந்தாலும் உண்மையாகவே இருக்கும்.

உம்மாவைப் பார்க்கப் போவதைப் பற்றி எழுதியதற்குக் காரணம் உண்டு. கணவனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார். அந்தக் காலத்தில் அவசியம் இல்லாமல் வெளியே போகமாட்டார், வெளி ஆண்களைச் சந்திப்பதையும் தவிர்ப்பார். நீங்கள் பெண் என்றால் போய்ப் பக்கத்தில் இருக்கலாம். தம்பியும் வர ஆசைப்பட்டால் முன்கூட்டியே தோழியிடம் கேளுங்கள், அவன் வீட்டு ஆண்களோடு இருந்துவிட்டு வரலாம். "முப்பத்தொன்றுக்கு வருகிறேன்" என்று மட்டும் எழுத வேண்டாம். நாற்பதாம் நாள் இறந்தவருக்காகக் குர்ஆன் ஓதிக் கத்தம் வைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன, அதைக் கூடாது என்று சொல்லும் குடும்பங்களும் இருக்கின்றன. நாளைக் குறித்துக் கேட்டால் அவர்களுக்குள்ளேயே இருக்கும் ஒரு விவாதத்தில் கை வைத்த மாதிரி ஆகிவிடும்.

சாப்பாடு கொண்டுபோவது அவர்களிடமும் நல்ல வழக்கம்தான், சாவு வீட்டில் உலை வைக்க விடாமல் அயலவர் சமைத்துக் கொடுப்பார்கள். உங்கள் வீட்டுச் சோறும் மரக்கறியும் என்றால் பிரச்சினை இல்லை, பழம், சீனி, பால்மா என்றால் இன்னும் லேசு. கோயிலில் இருந்து வந்த மோதகமோ பொங்கலோ, படைத்த எதுவுமோ வேண்டாம். அதைச் சாப்பிட முடியாமலும் மறுக்க முடியாமலும் அவர்கள் நிற்க வேண்டி வரும்.

இன்னொன்று, யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுவதால் சொல்லத்தான் வேண்டும். வேலைக்குப் போகிற மகள் உள்ள வாப்பா என்றால் 1990 ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம்களை இங்கிருந்து வெளியேற்றியபோது சில மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் விட்டுப் போனவராக இருக்கலாம். பலரைப் போலப் புத்தளத்தில் வருடக்கணக்காக இருந்து திரும்பி வந்து கடை போட்டிருக்கலாம். எங்களில் சிலருக்கு இப்படி ஒருவர் இறக்கும்போது அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கத் தோன்றும். அந்த எண்ணம் நல்லதுதான், ஆனால் இந்தக் கடிதத்தில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அழுதுகொண்டிருக்கிறவள் உங்களைத் தேற்ற வேண்டி வரும். அவர் உங்களிடம் நேரில் சொன்ன ஏதாவது இருந்தால் அதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். விட்டுப் போன மெஷினைப் பற்றியோ திரும்பி வந்த முதல் நாளைப் பற்றியோ சொல்லியிருந்தால் அது அவருடைய கதை, மகளுக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

வாட்ஸ்அப்பை விட ஒரு கொப்பித் தாளில் கையால் எழுதிக் கொடுப்பது நல்லது. அப்படியானவற்றை ஆட்கள் குர்ஆன் வைத்திருக்கும் அலுமாரியில் மடித்து வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், வரப்போகும் நோன்புப் பெருநாளைக் கலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள். வழக்கமாக அனுப்புகிற பிறை போட்ட வாழ்த்துப் படத்தை அந்த ஒரு வருசம் விட்டுவிட்டு, "வாப்பா இல்லாத முதல் பெருநாள், காலையில் இருந்து உன்னைத்தான் நினைக்கிறேன், பின்னேரம் வரட்டுமா?" என்று எழுதுங்கள்.