எட்டு மணி நேரத் தூக்கமும் மறுநாள் பற்றிய பயமும்

"எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் மறுநாள் வேலையே ஓடாது என்று பயமாக இருக்கிறது. இந்த எண்ணத்தைத் தூக்கமின்மை சிகிச்சையில் எப்படி மாற்றுவார்கள்?"

வாதாடி மாற்றுவதில்லை, சோதித்துப் பார்க்க வைப்பார்கள். முதலில் எட்டு என்ற எண். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமோ அதற்கு மேலோ என்பதுதான் பொதுவான பரிந்துரை. தேவை ஆளுக்கு ஆள் மாறும். எட்டை நிரப்ப ஒன்பது மணிக்கே படுத்தால், விழித்தபடி புரளும் நேரம்தான் கூடும்.

மறுநாள் பற்றிய பயத்துக்கு ஒரு நோட்டு போதும். ஐந்து மணி நேரமே தூங்கிய காலையில், "இன்று வேலைத்திறன் பத்துக்கு இரண்டுதான்" என்று தோன்றினால் அதை அப்படியே எழுதுங்கள். பிறகு 11, 3, 6 மணிக்கு உண்மையில் எப்படி இருந்தது என்று மதிப்பெண் போடுங்கள். ஐந்து, நான்கு, ஆறு என்று வந்தால் நாள் சுமார்தான், ஆனால் பாழாகவில்லை. எழுந்தவுடன் வரும் மந்தம் நன்றாகத் தூங்கியவருக்கும் உண்டு, அதை வைத்து நாளை எடைபோடக் கூடாது. நன்றாகத் தூங்கியும் சோர்ந்த நாட்களையும் குறியுங்கள். சாப்பாடு, சண்டை, வேலைப்பளு என்று வேறு காரணங்கள் அங்கே தெரியவரும். இரண்டு வாரக் குறிப்பைச் சிகிச்சையாளரோடு சேர்ந்து பார்க்கும்போதுதான் பயம் தளரும்.

இரவுத் தூக்கம் குறைந்த நாளில் பகலில் நீண்ட தூக்கம் போடாதீர்கள். சேர்ந்த தூக்கப்பசி அடுத்த இரவு ஆழ்ந்த தூக்கமாக ஈடுகட்டும்.

கண் சொக்கினால் மட்டும் வண்டி ஓட்டாதீர்கள், அந்தப் பயம் நியாயமானது. பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.