பாண்டை விடுங்கள், அந்தச் செக் எங்கே?

கேள்வி: நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கிளவுட் சான்றிதழ் தேர்வுக்கு நிறுவனமே பணம் கட்டியது. பயிற்சி வகுப்புக்கு 60,000, தேர்வுக்கும் மறுதேர்வுக்கும் 24,000 ரூபாய். தேர்ச்சி பெற்ற பிறகு 12 மாதம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்று பாண்டில் கையெழுத்து வாங்கினார்கள். தேதி போடாத செக் ஒன்றும் கொடுத்தேன். தேர்ச்சி பெற்று ஐந்து மாதம் ஆகிறது. மேலாளர் எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்துகிறார், சொன்ன சம்பள உயர்வும் தரவில்லை. ராஜினாமா செய்துவிட்டேன், நோட்டீஸ் காலமும் முடியப் போகிறது. 2 லட்சம் கட்டினால்தான் ரிலீவிங் லெட்டர் என்கிறார் எச்.ஆர். பாண்டே செல்லாது என்கிறார்கள் நண்பர்கள். நான் என்ன செய்வது?

பதில்: மேலாளர் நடந்துகொண்ட விதம் தவறுதான். ஆனால் இந்தக் கணக்கில் அதற்கு இடமில்லை. சம்பள உயர்வு எழுத்தில் இல்லையென்றால் அதுவும் அப்படியே. நிறுவனம் உங்களை வெளியேற்றியிருந்தால் கதை வேறு. ராஜினாமா செய்தது நீங்கள், அதனால் பாண்ட் ஷரத்து உயிரோடுதான் இருக்கிறது.

'பாண்டே செல்லாது' என்பதை இன்றோடு மறந்துவிடுங்கள். உங்களைக் கட்டாயப்படுத்தி அங்கேயே வேலை செய்ய வைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது, அது உண்மை. ஆனால் உங்களுக்காகச் செலவு செய்துவிட்டு அதைத் திரும்பக் கேட்பது வேறு விஷயம். குறிப்பிட்ட காலத்துக்கு முன்பே விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. உங்கள் நிறுவனத்தின் வக்கீல் முதலில் எடுத்து வைப்பது அதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் வழக்கில் சட்டப்படி முக்கியமான கேள்வி ஒன்றுதான்: நிறுவனம் உங்களுக்காக உண்மையில் எவ்வளவு செலவழித்தது, அதற்கு உங்கள் பெயரில் ரசீது இருக்கிறதா? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74, ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை உச்சவரம்பாகத்தான் பார்க்கிறது. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். டெல்லி உயர் நீதிமன்றம் 2011இல் பார்த்த ஒரு வழக்கில் மூன்று வருடத்துக்கு 2 லட்ச ரூபாய் பாண்ட். நிரூபணமான செலவு 67 ஆயிரம் சொச்சம். ஊழியர் இரண்டு வருடம் வேலை செய்திருந்தார். மிச்சமிருந்த ஒரு வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, சுமார் 22,500 ரூபாய் மட்டுமே கிடைத்தது.

அதே வாய்ப்பாட்டை உங்களுக்குப் போடுங்கள். செலவு 84,000. பன்னிரண்டில் ஐந்து மாதம் முடிந்துவிட்டது. மிச்சம் ஏழு மாதத்துக்கு 49,000 ரூபாய். நோட்டீஸ் காலத்தில் இனி வேலை செய்யப் போகும் நாட்களையும் சேர்த்தால் இன்னும் குறையும். அந்த 60,000 வெளி நிறுவனத்துக்குக் கட்டியதா, அல்லது உள்ளேயே ஒரு சீனியர் பாடம் எடுத்ததற்குப் போட்ட கணக்கா என்று பாருங்கள். பின்னதாக இருந்தால் நிரூபிக்க அவர்கள் திணறுவார்கள்.

இதுவரை சொன்னது உரிமைக் கணக்கு. இதில் தோற்றாலும் பணம்தான் போகும். எனக்குக் கவலை நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்தச் செக்.

சிவில் வழக்கில் இழப்பைக் காட்ட வேண்டிய வேலை நிறுவனத்துடையது. செக் கையில் இருந்தால் அந்தச் சுமை உங்கள் தலைக்கு மாறிவிடும். இன்றைய தேதியும் 2 லட்சமும் எழுதி வங்கியில் போடுவார்கள். திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138இல் குற்ற வழக்கு. செக்கில் இருப்பது உங்கள் கையெழுத்து என்றாலே, கடனுக்காகக் கொடுத்தது என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. தேதியையும் தொகையையும் நான் நிரப்பவில்லை என்ற வாதம் தனியாக நிற்காது. இரண்டு வருடம் வரை சிறை அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெரும்பாலும் பணத்தைக் கட்டி முடிப்பதில்தான் போய் நிற்கும். ஆனால் அதுவரை குற்றவியல் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும்.

இங்கே என்னிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒருவர் வங்கிக்குப் போய் 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். கணக்கில் பணம் இருந்ததே, பவுன்ஸ் ஆகவில்லையே என்பது அவர் எண்ணம். பணம் தராதே என்று நிறுத்தி வைத்தாலும் 138 வரும். அப்புறம் வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்தது. வாங்காவிட்டால் சேரவில்லை என்று ஆகிவிடும் என நினைத்துத் திருப்பி அனுப்பினார். சரியான முகவரிக்கு அனுப்பி, வாங்க மறுத்தால் சேர்ந்ததாகவே சட்டம் கருதும். நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள்தான் அவகாசம். அந்த நாட்கள் அவர் வீட்டில் சும்மா இருக்கும்போதே ஓடிவிட்டன. 40 ஆயிரத்தில் முடிய வேண்டிய விஷயத்துக்கு அவர் பாண்டில் எழுதிய முழுத் தொகையையும் கட்டினார். எனக்கு இன்றும் அது வருத்தம்தான்.

இன்னொன்று, எச்.ஆருக்குப் போகும் மெயில். 'அந்த 2 லட்சத்தைத் தவணையில் கட்டுகிறேன், தயவுசெய்து ரிலீவ் செய்யுங்கள்' என்று பதற்றத்தில் எழுதிவிடாதீர்கள். கடன் முழுவதையும் நீங்களே ஒப்புக்கொண்ட ஆவணமாக அது மாறிவிடும். அனுப்பிவிட்டீர்கள் என்றால் அதையும் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. செக் வங்கிக்குப் போவதற்கு முன் உங்கள் கணக்குப்படி வரும் தொகையை நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். கூடவே ஒரு கடிதம்: செக் எண் இன்னது, பாண்ட் கையெழுத்தான அன்று ஈடாகத் தேதியில்லாமல் கொடுத்தது, இன்ன தொகை இன்று கட்டியாயிற்று, மீதியை நான் ஒப்புக்கொள்ளவில்லை, செக்கைத் திருப்பித் தாருங்கள். இது மரியாதைக்காக எழுதும் கடிதம் இல்லை. ஒரு பகுதியைக் கட்டிய பிறகு, அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கு வங்கியில் போட்டால் அது 138இன் கீழ் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. செக் வங்கிக்குப் போன பிறகு அனுப்பும் பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஆகவே நாளையே அனுப்புங்கள்.

அப்புறம் சமாதானம் பேசுங்கள். நோட்டீஸ் காலச் சம்பளம், விடுப்புக்கான பணம் எல்லாம் தனிக் கணக்கு, அவர்கள் தர வேண்டியதை 49,000இல் கழித்துப் பேசலாம். 60,000 வரை போனால் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுங்கள் என்பேன். 84,000 கேட்டாலும், புதிய வேலை ரிலீவிங் லெட்டருக்காகக் காத்திருக்கிறது என்றால் கொடுத்துவிடலாம். 49,000க்கு மேல் போகும் அந்த 11,000 ரூபாய்க்கும் 35,000 ரூபாய்க்கும் வழக்கு நடத்தி ஜெயித்தவர்களைவிட வேலையை இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 84,000க்கு மேல் ஒரு ரூபாயும் பேசாதீர்கள். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள்.

முடியும் நாளில் மூன்றும் ஒரே மேசையில் கைமாற வேண்டும்: உங்கள் பணம், 'இனி எந்த பாக்கியும் இல்லை' என்று எழுதிய கடிதத்தோடு ரிலீவிங் லெட்டர், அந்தச் செக். செக்கை அப்புறம் கூரியரில் அனுப்புகிறோம் என்றால் பணத்தையும் அப்புறமே அனுப்புங்கள்.