பிரிந்த பெற்றோர், குழந்தையின் வெளிநாட்டுப் பயணம்: வாசகர் கேள்விகளுக்குக் குடும்பநல வழக்கறிஞரின் பதில்கள்

கேள்வி: ஏழு வயது மகள் என்னிடமே வளர வேண்டும் என்று நீதிமன்ற ஆணை இருக்கிறது. ஆனாலும் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் அவள் தந்தையின் ஒப்புதலைக் கேட்கிறார்கள். ஆணை போதாதா?

பதில்: குழந்தை யாரிடம் வளர்வது என்பதும், அதன் சார்பாக முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதும் வேறு வேறு. உங்கள் ஆணை முதலாவதை மட்டும் சொல்கிறது என்றால், கடவுச்சீட்டு அதிகாரி தந்தையின் ஒப்புதலைக் கேட்பதில் தவறில்லை. அமெரிக்காவில் 16 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பொதுவாக இரு பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். இந்தியாவில் ஒருவர் மறுத்தால், மற்றவர் அதற்கான காரணத்தை உறுதிமொழிப் படிவத்தில் எழுதி விண்ணப்பிக்க இடமுண்டு. படிவத்தால் தீராதபோது நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். அப்போது, “தந்தையின் ஒப்புதலின்றித் தாயே விண்ணப்பித்துக் கடவுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளலாம்” என்ற வாசகத்தையே ஆணையில் கேளுங்கள். “இருவரும் ஒத்துழைக்க வேண்டும்” என்று எழுதப்பட்ட ஆணையை வைத்துக்கொண்டு அதிகாரி எதுவும் செய்ய முடியாது. குழந்தையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் ஆணையில் இருக்க வேண்டும். முதலெழுத்தை விரித்து எழுதிய ஒரே காரணத்தால் திருத்தம் கோரி மீண்டும் மனுப்போட்ட ஒரு தாயை எனக்குத் தெரியும்.

கேள்வி: கடவுச்சீட்டு இருக்கிறது. விடுமுறையில் மூன்று வாரம் என் அக்காள் வீட்டுக்கு மகனை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். “போனால் திரும்ப மாட்டாய்” என்று அவன் தந்தை மறுக்கிறார். நீதிமன்றம் அனுமதி தருமா?

பதில்: அவருடைய மறுப்பிலேயே உங்கள் மனு எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது இருக்கிறது. பயணம் மகனுக்கு எவ்வளவு நல்லது என்று பல பக்கம் எழுதுவோர், திரும்பி வருவதைப் பற்றி ஒரு வரி எழுத மறந்துவிடுகிறார்கள். நீதிபதி முதலில் தேடுவதோ அந்த வரியைத்தான்.

இதே நிலையில் இருந்த ஒருவருக்காக நான் தயாரித்த மனுவைச் சொல்கிறேன். புறப்படும் நாள், திரும்பும் நாள், தங்கும் முகவரி, அங்குள்ள உறவினரின் தொலைபேசி எண், தந்தையுடன் மகன் காணொளியில் பேசும் நாட்களும் நேரமும், திரும்பிய 48 மணி நேரத்துக்குள் கடவுச்சீட்டை வழக்கறிஞரிடம் ஒப்படைக்கும் உறுதி ஆகியவற்றை எழுதினோம். வேலையிலிருந்து பெற்ற விடுப்புக் கடிதம், வாடகை ஒப்பந்தம், மகனின் அடுத்த பள்ளிப் பருவத்துக்கான கட்டண ரசீது ஆகியவற்றை இணைத்தோம். முந்தைய பயணமொன்றில் அவர் பத்து நாள் தாமதமாகத் திரும்பியிருந்தார். எதிர்த்தரப்பு சொல்லும் முன் நாமே அதைச் சொல்லி, மருத்துவமனைச் சீட்டையும் வைத்தோம். தந்தைக்குச் சந்திப்பில் தவறும் இரண்டு வார இறுதிகளுக்கு ஈடாக வேறு நாட்களைக் கொடுத்தோம். ஒரு பிணைத்தொகையைக் கட்டச் சொல்லி அனுமதி கிடைத்தது.

நீங்கள் போகும் நாடு 1980ஆம் ஆண்டின் ஹேக் குழந்தைக் கடத்தல் உடன்படிக்கையில் இருக்கிறதா என்பதும் பார்க்கப்படும். இரு நாடுகளுக்கிடையே அது நடைமுறையில் இருந்தால், 16 வயதுக்குட்பட்ட குழந்தையைத் தவறாக அங்கேயே நிறுத்திக்கொண்டாலும், அது வழக்கமாக வாழும் நாட்டுக்குத் திருப்பி அனுப்பக் கோரலாம். ஓராண்டுக்குள் மனுச் செய்தால் வழி இன்னும் வலுவானது. இலங்கை அதில் உண்டு, இந்தியா இல்லை. இல்லாத நாடு என்பதாலேயே அனுமதி மறுக்கப்படும் என்றில்லை; பிணைத்தொகையும் நிபந்தனைகளும் கூடும்.

பணம் திரும்பக் கிடைக்காத பயணச்சீட்டை முதலில் வாங்கிவிட்டு அவசர மனுப்போடாதீர்கள். அது நீதிமன்றத்தை நெருக்குவதாகப் படும். உத்தேசப் பயணத்திட்டத்தை இணைத்தாலே போதும்.

கேள்வி: எனக்குத் தெரியாமல் மகளுக்குக் கடவுச்சீட்டு எடுத்துவிடுவாரோ என்று அஞ்சுகிறேன். தந்தையாக நான் என்ன செய்யலாம்?

பதில்: கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில், வழக்கு எண்ணுடன் கொடுங்கள். அமெரிக்காவில் விண்ணப்பம் வந்தால் பெற்றோருக்குத் தெரிவிக்கும் முன்னறிவிப்புத் திட்டமே உண்டு. அதன் எல்லையையும் அறிந்திருங்கள்: ஏற்கெனவே வழங்கப்பட்ட கடவுச்சீட்டை அது தடுக்காது, மகளுக்கு இரட்டைக் குடியுரிமை இருந்தால், மற்ற நாட்டின் கடவுச்சீட்டையும் தடுக்காது. ஆபத்து உண்மையானது என்றால், நாட்டை விட்டு அழைத்துச் செல்லத் தடையாணையும் கடவுச்சீட்டை ஒப்படைக்கும் ஆணையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். கைப்பேசியில் “சரி, போய் வா” என்று அனுப்பிய செய்தி போதுமா?

பதில்: பின்னாளில் வழக்கில் சான்றாக உதவலாம்; விமான நிலையத்தில் அதை நம்பிப் போகாதீர்கள். குழந்தையின் பெயர், கடவுச்சீட்டு எண், நாடு, இரு தேதிகள், உடன் செல்பவர், ஒப்புதல் தருபவரின் தொலைபேசி எண் ஆகியவற்றுடன் நோட்டரி முன் கையெழுத்திட்ட கடிதத்தை வாங்குங்கள். உங்கள் பெயரும் குழந்தையின் பெயரும் பொருந்தாவிட்டால் பிறப்புச் சான்றிதழும் உடன் இருக்கட்டும். அந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல் கைப்பையிலேயே வையுங்கள்.