பெக்கோவைக் கூப்பிடுவதற்கு முன்

எங்கள் வீடு பண்டாரவளைக்கு அருகே, சரிவை வெட்டிக் கட்டிய வீடு. போன மாத மழையில் பின்புற மண்மேடு சரிந்து சமையலறையும் ஓர் அறையும் இடிந்துவிட்டன. முற்றமும் மண்ணால் நிறைந்திருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தவர்கள், தாங்கு சுவர் கட்டும்வரை அங்கே குடியிருக்க வேண்டாம் என்கிறார்கள். இப்போது தம்பி வீட்டில் இருக்கிறோம். 45,000 ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறேன். 80 இலட்சத்துக்கு வீட்டுக் காப்புறுதி இருக்கிறது, மண்சரிவும் அதில் அடங்கும். மாற்று இருப்பிடத்துக்குப் பத்து வீதம், சிதைவு அகற்ற 2 இலட்சம் என்று எழுதியிருக்கிறது. மண் அள்ள ஒருவர் 4 இலட்சத்து 20 ஆயிரம் கேட்கிறார். அவரை நாளைக்கே வரச் சொல்லலாமா? வாடகை கிடைக்குமா?
— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நாளைக்கு வரச் சொல்லாதீர்கள். காப்புறுதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சரிந்து வந்து அடிவாரத்தில் குவிந்த மண், மேலே இன்னும் நிற்கிற மேட்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும். அதை பெக்கோ வைத்து ஒரே நாளில் வழித்தெடுத்தால், மிச்ச மேடும் ஆட்களின் மேல் இறங்கலாம். எங்கிருந்து, எவ்வளவு அள்ளலாம் என்பதைக் கட்டட ஆராய்ச்சி நிறுவன அதிகாரிகளிடம் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். மழைநீர் வீட்டுக்குள் புகாமல் வாய்க்கால் வெட்டுவது, எஞ்சிய கூரையைத் தறப்பாளால் மூடுவது போன்ற அவசர வேலைகளை, அவ்விடத்தில் நிற்பது பாதுகாப்பு என்று அவர்கள் சொன்னால், இப்போதே செய்யலாம். இழப்பு பெருகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமையும்கூட. ஆனால் எதைத் தொடுவதற்கு முன்னும் நாலாபக்கமும் படம் எடுத்துவைத்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் தகவல் அனுப்புங்கள்.

இனி அந்த 4 இலட்சத்து 20 ஆயிரம். பெரும்பாலான காப்புறுதிப் பத்திரங்களில் ‘சிதைவு’ என்பது காப்புறுதி செய்யப்பட்ட கட்டடத்தின் சிதைவு. இடிந்த சுவர், உடைந்த கூரைத்தகடு, கொங்கிரீட் துண்டுகள், ஆபத்தாக நிற்கும் பகுதியை இடித்திறக்கும் கூலி, முட்டுக்கொடுக்கும் செலவு ஆகியவை இதில் வரும். மேட்டிலிருந்து வந்த மண் உங்கள் கட்டடத்தின் பகுதி அல்ல. ‘மண் அகற்றல், 4,20,000’ என்று ஒரே வரியில் பில் கொடுத்தால், முழுவதையும் மறுக்க நிறுவனத்துக்கு வழி திறந்துகொடுக்கிறீர்கள். நான் இழப்பு மதிப்பீட்டாளராக வேலை செய்த காலத்தில், இப்படி ஒற்றை வரியில் பில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

அதனால் அவரிடம் விலைக்கோரலை மூன்றாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, இடிபாடுகளுக்கு 60,000, அறைகளுக்குள் புகுந்த மண்ணுக்கு 1,10,000, முற்றத்து மண்ணுக்கும் மேட்டடி மண்ணுக்கும் 2,50,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் தொகையைச் சிதைவுப் பிரிவில் கேளுங்கள். இரண்டாவதைத் திருத்த வேலையின் மதிப்பீட்டிலே சேருங்கள். அறைக்குள் இருக்கிற மண்ணை எடுக்காமல் அந்த அறையைத் திரும்பக் கட்ட முடியாது, ஆகவே அது திருத்தச் செலவு என்று வாதிடலாம். இந்த வாதத்துக்கு வலு உண்டு. மூன்றாவது பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான் போகும். பத்திரத்தில் மண், சேறு அகற்றுவதையும் தனியாகச் சேர்த்திருந்தால் கதை வேறு. அந்த வரியை ஒரு சொல் விடாமல் வாசியுங்கள்.

வேலை தொடங்குமுன் நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சிதைவுச் செலவுக்கு அந்தச் சம்மதத்தை நிபந்தனையாக வைப்பது வழக்கம். நல்ல நிலையில் இருக்கிற கதவு, ஜன்னல், மரம், தகரம் எதையும் டிப்பர்க்காரர் கொண்டுபோக விடாதீர்கள். அவற்றின் பெறுமதியை உங்கள் இழப்பீட்டில் கழிக்க நிறுவனம் கேட்கலாம், பொருள் இல்லாவிட்டாலும் கழிக்கலாம். மண்ணைக் கீழ்ச் சரிவிலோ ஓடையிலோ கொட்டவும் விடாதீர்கள். கீழ்வீட்டுக்கு ஏதாவது நடந்தால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

வாடகைக்கு வருகிறேன். பத்து வீதம் என்றால் 8 இலட்சம். அது உச்ச வரம்பு மட்டுமே, உங்களுக்கென்று ஒதுக்கிய பணம் அல்ல. உண்மையில் செலவானதைத்தான் தருவார்கள். தம்பி வீட்டில் சும்மா இருக்கும் நாட்களுக்கு எதுவும் கிடைக்காது. சொந்தக்காரர் தானே என்று பொய் ரசீது எழுதி வாங்கிவிடாதீர்கள். அது வெளிப்பட்டால் வாடகை மட்டுமல்ல, வீட்டின் முழு இழப்பீடும் கெட்டுப்போகும். வாடகை வீட்டுக்குப் போவதாக இருந்தால், போவதற்கு முன்பே வாடகைத் தொகையை நிறுவனத்துக்கு அறிவித்து, உங்கள் வீட்டின் அளவுக்கு இது நியாயமான வாடகைதான் என்று ஒப்புதல் பெறுங்கள். உடன்படிக்கை எழுதி, வங்கி மூலம் கட்டுங்கள். வீட்டுக்காரர் கேட்கும் முற்பணம் உங்களுக்குத் திரும்பி வரக்கூடியது, ஆகவே அதை இழப்பாகக் காட்ட முடியாது.

உங்கள் விடயத்தில் பணத்தைவிடக் காலம்தான் முதலில் தீர்ந்துபோகும். மாதம் 45,000 என்றால் 8 இலட்சம் பதினேழு மாதத்துக்குமேல் வரும். ஆனால் பல பத்திரங்கள், வீட்டைத் திருத்த நியாயமாகத் தேவைப்படும் காலத்துக்கு மட்டுமே வாடகை தருகின்றன. மேசன் மூன்று மாதத்தில் முடிப்பேன் என்று சொன்னால், மூன்று மாத வாடகையாகிய 1,35,000 ரூபாயோடு கணக்கை மூட நிறுவனம் முயலலாம். தாங்கு சுவர் முன்பு அங்கே இருந்ததல்ல, அதனால் அதன் செலவைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். சுவருக்காகக் காத்திருக்கும் மாதங்களின் வாடகைக்கும் அதே காரணத்தைச் சொல்லக்கூடும்.

இதற்கு இப்போதே தயாராகுங்கள். சுவர் இல்லாமல் திருத்த வேலையைப் பாதுகாப்பாகத் தொடங்க முடியாது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையில் தெளிவாக இருக்க வேண்டும். ‘குடியிருக்க வேண்டாம்’ என்ற சொல் மட்டும் போதாது. பத்திரத்தில் ‘வீடு குடியிருக்கத் தகுதியாகும்வரை’ என்று எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கும். ‘திருத்தத் தேவையான காலம்’ என்று இருந்தால் இந்த அறிக்கைதான் உங்கள் ஆதாரம். இடிந்த பகுதி உண்மையான சேதம் என்பதும் உங்களுக்குச் சாதகம். வீட்டுக்கு ஒரு கீறலும் இல்லாமல் எச்சரிக்கையால் மட்டும் வெளியேறியிருந்தால், பெரும்பாலான பத்திரங்களில் வாடகை கேட்கவே இடமிருக்காது.

ஒரு கொப்பியில் திகதிகளைக் குறித்துவாருங்கள். மதிப்பீட்டாளர் வந்த நாள், மதிப்பீட்டைக் கொடுத்த நாள், நிறுவனம் பதில் சொன்ன நாள், சுவருக்கு அனுமதி கேட்ட நாள். அவர்கள் பதில் சொல்ல ஆறு வாரம் எடுத்துக்கொண்டால், அதை உங்கள் தாமதமாக எழுத முடியாதபடி இந்தக் கொப்பி தடுக்கும். வாடகையை மறுத்தால், எந்த வாசகத்தின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்துடன் முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்குப் போங்கள். அங்கே தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம்.

வீட்டின் பேரில் வங்கிக் கடன் இருந்தால், கட்டட இழப்பீடு வங்கியின் பெயருக்குப் போகலாம். வாடகைப் பணத்தை உங்கள் பெயருக்கே தரும்படி வங்கியிடமும் நிறுவனத்திடமும் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள்.